ஒரே படத்தில் இரண்டு அளவுகோல்கள்: தேயிலை விலை வரைபை வாசிப்பது எப்படி?

இரத்தோட்டைப் பக்கம் மாற்றுக் காணி பெற்றுக் குடியேறிய குடும்பமொன்று அண்மையில் எம்மிடம் ஒரு படத்தைக் காட்டியது. கம்பனியொன்றின் ஆண்டறிக்கைப் பக்கத்தை யாரோ கைத்தொலைபேசியில் பிடித்து அனுப்பியிருந்தார்கள். நீலக் கோடு இலங்கையின் தேயிலை உற்பத்தி. சிவப்புக் கோடு கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோவின் சராசரி விலை. 2022 இல் நீலம் விழ, சிவப்பு எழ, இரண்டும் கத்தரிக்கோல் போல வெட்டிக்கொள்கின்றன. "உற்பத்தி குறையக் குறைய விலை ஏறுகிறது. கடன் எடுத்தாவது தேயிலை வையுங்கள்" என்று தரகர் ஒருவர் சொல்லியிருந்தாராம். இன்று வைக்கும் கன்றிலிருந்து ஒழுங்காகக் கொழுந்து எடுக்க மூன்று, நான்கு ஆண்டுகள் செல்லும். ஆகவே அந்தப் படத்தைச் சற்று ஆறுதலாகப் பார்ப்போம்.

முதலில் ஓரங்களைப் பாருங்கள். இடது ஓரத்தில் உற்பத்தி, மில்லியன் கிலோவில்: அடியில் 240, உச்சியில் 300. வலது ஓரத்தில் விலை, ரூபாவில்: அடியில் 600, உச்சியில் 1300. இரண்டு ஓரமும் பூச்சியத்தில் தொடங்கவில்லை. 2021 இல் உற்பத்தி சுமார் 299 மில்லியன் கிலோ. 2022 இல் சுமார் 251 மில்லியன். குறைந்தது 48 மில்லியன், அதாவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. படத்திலோ கோடு உயரத்தின் ஐந்தில் நான்கு பங்கு சரிந்துவிடுகிறது. இடது ஓரத்தைப் பூச்சியத்தில் தொடங்கி வரைந்தால் அது சிறு இறக்கமாகத்தான் தெரியும். கோடுகள் வெட்டும் இடத்துக்கும் பொருளில்லை. கிலோவும் ரூபாவும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை; ஓரத்து எண்களை மாற்றினால் வெட்டும் இடமும் நகரும், அல்லது இல்லாமலே போகும்.

(கைத்தொலைபேசிப் படத்தில் இன்னொரு தொல்லை உண்டு. வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் சிவப்புக் கோட்டையும் இடது எண்களால் வாசித்துவிடுவோம். கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்தால் எந்தக் கோடு எந்த ஓரத்துக்குரியது என்பதே தெரியாது. முழுப் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.)

இனி ஒரு பழைய கொப்பித் தாளில் கணக்கைப் போடுவோம். 2021 ஆம் ஆண்டின் ஒவ்வொரு எண்ணையும் 100 என்று வைத்துக்கொள்வோம். அப்போது 2022 இல் உற்பத்தி 84. விலை சுமார் 620 ரூபாவிலிருந்து 1270 ரூபா வரை ஏறியதால் அது 205. படத்தில் இல்லாத மூன்றாவது எண்ணொன்றையும் சேர்ப்போம்: டொலரின் விலை. அது 2021 இல் சராசரியாக 199 ரூபா. 2022 இல் சுமார் 325 ரூபா. 100 என்பது 163 ஆகிறது.

கொழும்பு ஏலத்தில் வாங்குவோர் பெரும்பாலும் ஏற்றுமதிக்காரர்கள். அவர்களுக்கு வருமானம் டொலரில் வருகிறது. ஆகவே ஏல விலையை டொலரால் பிரித்துப் பார்க்கவேண்டும். 2021 இல் ஒரு கிலோ சுமார் 3 டொலர் 10 சதம். 2022 இல் சுமார் 3 டொலர் 90 சதம். ரூபாவில் இரட்டிப்பானது, டொலரில் கால் பங்குதான் கூடியிருக்கிறது. அந்தக் கால் பங்கில் தட்டுப்பாட்டுக்கும் இடமிருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. மீதிப் பெரும் ஏற்றம் 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டு வீழ்ந்ததால் வந்தது.

அப்படியானால் உற்பத்தி ஏன் அதே ஆண்டில் விழுந்தது? 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதும், பசளையில்லாத செடியின் சோர்வு அடுத்த ஆண்டிலேயே கொழுந்தில் தெரிந்தது. சேதனப் பசளைக்கு மாறவே தடை என்று அரசாங்கம் கூறியது. டொலர் பற்றாக்குறையும் அதற்குக் காரணம் என்று பலர் கருதினர். அது சரியானால், இரண்டு கோடுகளையும் அசைத்த கை ஒன்றே. ஒரு கோடு மற்றதை அசைக்கவில்லை.

இதைச் சோதிக்க வழியுண்டு. படத்தில் 2020, 2021, 2022 என்று மூன்று ஆண்டுகளே இருந்தன. மூன்று புள்ளிகளில் எதுவும் எதனோடும் பொருந்திப்போகும். பின்னோக்கிப் போனால், 2017 இல் உற்பத்தி சுமார் 307 மில்லியன் கிலோ, 2019 இல் சுமார் 300 மில்லியன். தரகர் சொன்னபடி விலை ஏறியிருக்கவேண்டும். ஆனால் அது சுமார் 620 ரூபாவிலிருந்து 545 ரூபா அளவுக்கு இறங்கியது.

அந்தக் குடும்பத்திடம் நாம் இன்னொரு கோட்டையும் வரையச் சொன்னோம்: அதே ஆண்டுகளில் ஒரு மூடை யூரியாவின் விலை. 2022 இல் அது தேயிலையைவிட வேகமாக ஏறியது என்பது பசளை தேடிக் கடைகடையாய் அலைந்த அவர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கம்பனியின் படத்தில் அந்தக் கோட்டுக்கு இடமிருக்கவில்லை.