பெரிய நாவலை முடித்த பிறகு குறிப்பேட்டில் என்ன எழுதுவது?

வாசிப்புக் குறிப்பு எழுதத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள். எல்லாவற்றையும் ஒரே நாவலை வைத்தே சொல்கிறேன். டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’. எட்டு பாகங்கள், மெதுவாக நகரும் கதை. வாசிக்காதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: முடிவையும் பேசப்போகிறேன்.

1. கடைசிப் பக்கத்தை மூடியதும் கதைச் சுருக்கம் எழுத உட்காராதீர்கள். அதை எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அன்றைக்கு மனசில் இருப்பது மறுநாள் இருக்காது. புத்தகத்தைத் திறக்காமல், எந்தெந்த இடத்தில் என்ன ஆயிற்று என்று மட்டும் எழுதுங்கள். ‘அருமை’, ‘இழுவை’ என்ற சொற்கள் உதவாது. ‘காளான் பறிக்கும் இடத்தில் தொண்டை அடைத்தது’, ‘தேர்தல் வரும் இடத்தில் பக்கத்தைத் தள்ளினேன்’, ‘அன்னா செத்த பிறகும் கதை ஓடுவது கோபமாக இருந்தது’ என்று எழுதினால் மேலே யோசிக்க வழி கிடைக்கும். உணர்ச்சியைக் குறித்துக்கொள்ள வெட்கப்படவே வேண்டாம். விமர்சனம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2. பிறகு அந்த இடங்களுக்குத் திரும்பிப் போய், இந்த உணர்ச்சியை எது உண்டாக்கியது என்று வரிவரியாகப் பாருங்கள். ஆறாம் பாகத்தில் வரும் காளான் காட்சியையே எடுத்துக்கொள்வோம். கோஸ்னிஷெவ் பெரிய படிப்பாளி, நடுவயதுக்காரர். வாரெங்கா என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டார். சொல்லவேண்டிய வாசகங்களைக்கூட மனசுக்குள் அடுக்கி வைத்துவிட்டார். கூட வந்த குழந்தைகளை விட்டு இருவரும் காட்டுக்குள் கொஞ்சம் தள்ளி நடக்கிறார்கள். அவர் கேட்கப்போவது என்ன என்று அவளுக்கும் தெரியும், மகிழ்ச்சியிலும் பயத்திலும் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. அந்த மௌனம் கலையாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளே, தான் நினைக்காமலே, காளானைப் பற்றி ஏதோ சொல்லிவிடுகிறாள். அவருக்கு எரிச்சல். இன்னும் சில அடி நடந்து, தயாராக வைத்திருந்த வாசகத்தை மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வகைக் காளானுக்கும் இன்னொரு வகைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார். உதடு நடுங்க அவள் பதில் சொல்கிறாள்: குடையில் வித்தியாசம் இல்லை, காம்பில்தான். அவ்வளவுதான். இனி அந்தக் கேள்வி வராது என்று இருவருக்குமே தெரிந்துவிடுகிறது.

இங்கே தொண்டை அடைப்பது ஏன்? இரண்டு பேரின் மனசுக்குள்ளும் ஆசிரியர் நம்மை அழைத்துப் போகிறார், வாயில் வருவது மட்டும் வேறாக இருக்கிறது. மனசில் இருப்பதும் வாயில் வந்ததும் இரண்டும் நமக்குக் கேட்கின்றன, அவர்களுக்கோ வாயில் வந்தது மட்டும். ஆசிரியர் அழவும் இல்லை, விளக்கவும் இல்லை. அத்தியாயமும் சின்னது. இதை உங்கள் குறிப்பில் எழுதிவிட்டால், ‘மனதை உருக்கியது’ என்ற வரியை அடித்துவிடலாம்.

3. சலிப்பை இரண்டாகப் பிரியுங்கள். பெரும்பாலான புது வாசகர்கள் இடறுவது இங்கேதான், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாம் பாகத்தில், நாவலின் இன்னொரு நாயகனான லெவின் குடியானவர்களோடு சேர்ந்து புல் அறுக்கிறான். ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று தோன்றும். வரிசை வரிசையாக அறுத்துக்கொண்டே போகிறார்கள். நேரம் போவது அவனுக்குத் தெரியவில்லை. கிழவர் ஒருவர் அறுத்தபடியே குனிந்து, கண்ணில் பட்ட காளானை எடுத்து, வீட்டுக் கிழவிக்கென்று மடியில் வைத்துக்கொள்கிறார். இந்த மந்தத்துக்கு வேலை இருக்கிறது. தன்னை மறந்து அரிவாளோடு ஒன்றிப்போகும் அனுபவத்தை, நாமும் கொஞ்சம் நேரத்தை மறந்தால்தான் உணர முடியும். அதோடு, எப்போதும் தன்னையே நோண்டிக்கொண்டிருக்கும் லெவின் யோசிப்பதை நிறுத்தும் இடம் இது. கடைசிப் பாகத்தில் அவனுக்குக் கிடைக்கும் தெளிவும் புத்தகத்திலிருந்து வருவதில்லை, ஒரு குடியானவன் பேச்சுவாக்கில் சொன்ன சொல்லிலிருந்துதான் வருகிறது. புல்லறுப்பு இல்லாவிட்டால் அது திடீரென்று வந்து விழுந்ததுபோல் ஆகியிருக்கும்.

ஆறாம் பாகத்தின் கடைசியில் பிரபுக்கள் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் வருகிறது. யார் எந்தக் கட்சி, எந்தப் பந்தை எந்தப் பக்கம் போடவேண்டும் என்பது லெவினுக்கே குழப்பம். இந்த அத்தியாயங்களுக்கும் ஒரு காரணம் உண்டு: அன்னாவின் காதலன் வ்ரோன்ஸ்கி இங்கே உற்சாகமாக இருக்கும்போது அன்னா வீட்டில் தனியே காத்திருக்கிறாள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று அவள் எழுதும் கடிதம் வெற்றி விருந்தின் நடுவில் வந்து சேர்கிறது. அந்தப் பிரிவின் நீளம் நமக்குத் தெரியவேண்டும், உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் அவள் எப்படி இருந்தாள் என்பது நமக்குப் பிறகுதான் தெரிகிறது. அதனால் இங்கே நாம் அலுத்துப்போவதற்கு அவளுடைய வலியோடு ஒட்டில்லை. பாதி போதும் என்பது என் கட்சி.

சோதனை இதுதான்: அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டால், பின்னால் வரும் எந்த இடம் பலவீனமாகும்? குறிப்பிட்டுச் சொல்ல முடிந்தால் அந்தச் சலிப்பு கலையின் பகுதி. முடியாவிட்டால் குறை என்றே எழுதுங்கள், டால்ஸ்டாயாக இருந்தாலும்.

4. முடிவின் மேல் வரும் கோபத்தை உடனே தீர்ப்பாக்காதீர்கள். ஏழாம் பாகத்தின் இறுதியில் அன்னா ரயிலுக்கு அடியில் விழுகிறாள். எட்டாம் பாகம் திறந்தால் ஏறக்குறைய இரண்டு மாதம் ஓடிவிட்டது, கோஸ்னிஷெவின் புத்தகம் விலைபோகாத கதை வருகிறது! யாருக்கும் கோபம் வரும். இந்தப் பாகத்தில் செர்பியப் போருக்குப் போகும் தொண்டர்களைப் பற்றி டால்ஸ்டாய் சொன்னது பிடிக்காமல், நாவலைத் தொடராக வெளியிட்டுவந்த பத்திரிகையின் ஆசிரியர் கட்கோவ் அதைப் போட மறுத்தார். 1877இல் டால்ஸ்டாய் அதைத் தனி நூலாகவே வெளியிட்டார். ஆகவே இது அவர் வேண்டும் என்றே வைத்த முடிவு.

ஒரு துக்கம் உலகத்தை நிறுத்துவதில்லை என்பதை அந்த வறட்டுத் தொடக்கம் நமக்கு நேராகவே காட்டுகிறது. போருக்குப் புறப்பட்ட வ்ரோன்ஸ்கி ரயில் நிலையத்தில் பல்வலியோடு நிற்கிறான். இஞ்சினைப் பார்த்ததும் அவள் உடல் நினைவுக்கு வருகிறது, அந்தக் கணத்தில் பல்வலி மறந்துபோகிறது. அன்னாவுக்கு ஒப்பாரி வைத்திருந்தால் இந்த இடம் கிடைத்திருக்காது. ஆனால் அதே பாகத்தில் லெவின் கடவுளைப் பற்றி யோசிக்கும் பக்கங்கள் எனக்கு ஒட்டவில்லை. அங்கே மனிதன் போய், கருத்து பேசுகிறது. பிறகு மழையும் இடியுமாக மரம் விழ, மனைவியையும் குழந்தையையும் தேடி லெவின் ஓடும்போது நாவல் மறுபடி மூச்சு விடுகிறது. ஒரே பாகத்தைப் பற்றி இப்படி மூன்று விதமாக எழுதலாம். சராசரி போட்டு ஒரு மதிப்பெண்ணாகச் சுருக்காதீர்கள்.

5. மொழிபெயர்ப்பில் படித்தால் நடையின் ஓசையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். காட்சிகளின் வரிசை, அத்தியாயம் எங்கே முடிகிறது, யார் கண்ணால் பார்க்கிறோம் ஆகிய மூன்றையும் தாராளமாகச் சொல்லலாம்.

6. கட்டமைப்பைப் பற்றிக் கடைசியில் ஒரு பத்தி எழுதுங்கள். அன்னாவும் லெவினும் நாவல் முழுவதிலும் ஒரே ஒரு தடவைதான் நேரில் சந்திக்கிறார்கள், அதுவும் ஏழாம் பாகத்தில். இரண்டு கதையை ஒட்டாமல் ஓட்டிவிட்டாரே என்று அன்றைக்கே குறை சொன்னவர்கள் உண்டு. இணைப்பு கதையிலோ அறிமுகங்களிலோ இல்லை, உள்ளே இருக்கிறது என்று 1878இல் ஒரு கடிதத்தில் டால்ஸ்டாய் பதில் எழுதினார். அதை அப்படியே நம்பிவிடாமல் நீங்களே தேடிப் பாருங்கள். இருவரும் ஒரே கேள்வியில், எதற்காக உயிரோடிருக்கிறோம் என்பதில், வந்து முட்டுகிறார்கள். லெவினும் தற்கொலைக்குப் பயந்து கயிற்றை ஒளித்து வைக்கிறான். அவன் தப்பியதற்கும் அவள் தப்பாததற்கும் நாவல் சொல்லும் காரணம் உங்களுக்குப் போதுமானதாக இருக்கிறதா? எனக்கு முக்கால்வாசிதான் போதுமானது. உங்கள் பதிலை, பக்க எண்ணோடு, எழுதி வையுங்கள்.