மிச்சம் எங்கே போனது?

உம்மாவின் கைத்தொலைபேசியில் ஒரு செயலியைப் புதிதாக நிறுவியபோது 60 எம்.பி. டேட்டா முடிந்தது. அடுத்த மாதம் அதே செயலியின் இற்றைப்படுத்தல் 6 எம்.பி.யில் வந்துவிட்டது. "மகள், மிச்சத்த எங்க விட்டாங்க?" என்று உம்மா கேட்டார். மிச்சம் அவரின் தொலைபேசிக்குள்ளேயே இருந்தது.

300 பக்கப் புத்தகமொன்றின் 40ஆம் பக்கத்தில் ஒரு பந்தியைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய பிரதி வைத்திருப்பவருக்கு முழுப் புத்தகமும் தேவையில்லை. "இந்த இடம் வரை பழையதைப் பிரதிசெய், இந்தப் பந்தியைச் சேர், மீதியைப் பழையதிலிருந்து எடு" என்ற குறிப்புப் போதும். இற்றைப்படுத்தலாக வருவதும் இத்தகைய குறிப்புத்தான். அதைப் படித்துத் தொலைபேசியே புதிய கோப்பைக் கட்டிக்கொள்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பந்தி சேர்ந்ததும் பின்னுள்ள பக்க எண்கள் நகர்ந்தால், சுட்டியிலுள்ள எண்களையும் மாற்ற வேண்டும். மென்பொருளுக்குள்ளும் "இந்த முகவரிக்குப் போ" என்ற கட்டளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒரு வரியைச் சேர்த்தாலே அவற்றில் பல மாறிவிடும்.

2009இல் கூகுள் குரோம் உலாவிக்காக வெளியான கூர்ஜெட் என்ற முறை இதற்கு வழி கண்டது. அது முகவரி எண்களுக்குப் பதிலாகப் பெயர்களை வைத்து ஒப்பிடும். இடம் நகர்ந்தாலும் பெயர் மாறாது. ஒப்பிட்டு முடிந்தபின் எண்கள் மீண்டும் கணிக்கப்படும். கூகுள் காட்டிய உதாரணத்தில் முழு இற்றைப்படுத்தல் 10,385,920 பைட்டுகள். பிஎஸ்டிஃப் என்ற முந்திய முறையில் அது 704,512 ஆகியது. கூர்ஜெட்டில் வெறும் 78,848.

விளையாட்டுகளின் இற்றைப்படுத்தல் சில வேளை பெரிதாக வருவதற்குச் சுருக்கப்பட்ட கோப்புகளும் ஒரு காரணம். சுருக்கிய கோப்பில் சிறு மாற்றம் செய்தாலும் அதன்பின் வருபவை பெரும்பாலும் வேறாகிவிடும், பழையதுடன் பொருந்தாது. அதனால் 2016இல் கூகுள் பிளே, கோப்புகளை விரித்து ஒப்பிட்டு, தொலைபேசியில் மீண்டும் சுருக்கும் முறையைக் கொண்டுவந்தது. டேட்டா மிஞ்சும், ஆனால் தொலைபேசிக்கு வேலை கூடும்.

பழைய கோப்பு ஒரு பைட்டும் பிசகாமல் இருந்தால்தான் குறிப்பு பொருந்தும். அதனால் கட்டி முடித்த கோப்பின் சரிபார்ப்பு எண் ஒப்பிடப்படும். பொருந்தாவிட்டால் முழுக் கோப்பையும் இறக்க வேண்டியதுதான்.

"6 எம்.பி.க்கு இடமில்லையாம்" என்று உம்மா ஒருநாள் செயலியை அழிக்கப் போனார். புதிய கோப்பைக் கட்டி முடிக்கும்வரை பழையதும் இருக்க வேண்டும். அந்த இடத்தைத்தான் தொலைபேசி கேட்டது. செயலியை அழித்திருந்தால் பழைய பிரதியும் போய், மறுபடி முழு 60 எம்.பி.யும் செலவாகியிருக்கும். பார்த்து முடித்த இரண்டு வீடியோக்களை அழித்தோம். இற்றைப்படுத்தல் முடிந்தது.