கடைசி அத்தியாயத்திலிருந்து பின்னோக்கி

அன்பு மருமகளுக்கு,

உன் துப்பறியும் நாவலின் கையெழுத்துப் பிரதியை வாசித்து முடித்தேன். கொலைகாரன் யார் என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. அது மட்டும் போதாது, மகளே. முடிவு தெரிந்தபின் வாசகன் முன்பக்கங்களைப் புரட்டி, "இங்கேயே சொல்லியிருக்கிறாளே, எப்படி விட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். உன் பிரதியில் நான் அப்படிப் புரட்டியபோது சில இடங்களில் வெறுங்கைதான் மிஞ்சியது. அதைச் சரிசெய்ய ஒரு வழி சொல்கிறேன்.

பெரிய தாள் ஒன்றை எடு. கடைசி அத்தியாயத்தில் உன் இன்ஸ்பெக்டர் தரும் விளக்கத்தைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள் போடு. இதை வாசகன் எந்தப் பக்கத்தில் பார்த்தான், பார்த்தபோது என்ன நினைத்திருப்பான், உண்மையில் அதற்கு என்ன பொருள், இது வேறு யாருக்கெல்லாம் பொருந்தும் என்பவை அந்த நான்கு. முதல் கட்டம் காலியாக இருந்தால், அந்த விஷயம் இன்ஸ்பெக்டருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, வாசகனுக்கு மறைக்கப்பட்டிருக்கிறது. அது ஏமாற்று.

அகதா கிறிஸ்டி 1926இல் வெளியிட்ட 'ரோஜர் அக்ராய்டின் கொலை' நீ படித்த நாவல்தான். அதனால் கொலைகாரன் பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். கதையைச் சொல்லும் டாக்டர் ஷெப்பர்டுதான் கொலைகாரர். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற எழுத்தாளர் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தபோது, வாசகன் யாருடைய எண்ணங்களைப் பின்தொடர்கிறானோ அவர் குற்றவாளியாக இருக்கக்கூடாது என்று எழுதினார். அந்த விதிக்குப் பொருந்தாத இந்தப் புத்தகம் நியாயமானதா என்ற சண்டை வெகுகாலம் நடந்தது. நம் தாளில் போட்டுப் பார்ப்போம்.

அக்ராய்டின் வாசிப்பறைக்குக் கடிதம் வந்தது இரவு 8.40க்கு. டாக்டர் அறையைவிட்டுக் கிளம்பியது 8.50க்கு. வெளிவாசலைக் கடக்கும்போது தேவாலய மணி ஒன்பது அடிக்கிறது. இந்த நேரங்களை அவரே சொல்லிவிடுகிறார். வீட்டிலிருந்து வாசலுக்கு ஐந்து நிமிட நடைதான் என்பது பிறகு தெரியவருகிறது. மீதி ஐந்து நிமிடம் எங்கே போனது? வாசகன் அதைக் கேட்பதில்லை. காரணம், ஒன்பது மணி அடித்த அதே இடத்தில் முகம் தெரியாத ஓர் ஆள் எதிரே வந்து வழி கேட்கிறான். நம் கண் அவன் பின்னால் போய்விடுகிறது. துப்பை எங்கே வைப்பது என்பதை இந்த இடத்தில் கற்றுக்கொள். முக்கியமான எண்ணைச் சொன்ன மறுவரியிலேயே அதைவிடப் பரபரப்பான ஒன்றை நிறுத்த வேண்டும்.

அடுத்தது நாற்காலி. பிணத்தைக் கண்ட இரவில், சுவரோரம் இருந்த பெரிய நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருந்ததாகப் பணியாளர் பார்க்கர் சொல்கிறார். ஜன்னலோர மேசையில் இருந்த ஒலிப்பதிவுக் கருவி, வாசலில் நிற்பவர் கண்ணில் படாமல் இருக்கத்தான் அது நகர்த்தப்பட்டது. 9.30க்கு அறைக்குள் கேட்ட அக்ராய்டின் குரல் அந்தக் கருவியிலிருந்து வந்தது. அவர் அதற்கு முன்பே செத்துவிட்டார். ஒலிப்பதிவுக் கருவி விற்பவர் வீட்டுக்கு வந்து போனதும், டாக்டருக்கு இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுவதில் கைப்பழக்கம் உண்டு என்பதும் வாசகனுக்கு முன்பே காட்டப்பட்டவை. ஆனால் அக்ராய்ட் அந்தக் கருவியை வாங்கிவிட்டார் என்ற செய்தியை முடிவு நெருங்கும்போதுதான் துப்பறிவாளர் போய்ரோ வெளியிடுகிறார். தாளில் அந்தக் கட்டத்தைப் பென்சிலால் அடையாளம் செய். நியாயம் மெலியும் இடம் அது.

நான்காவது கட்டத்தின் அருமை 1998இல் தெரிந்தது. பியர் பயார் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர், அதே புத்தகத்தில் உள்ளவற்றை வைத்தே, கொலை செய்தது டாக்டர் அல்ல, அவருடைய சகோதரி காரலின் என்று வாதாடி ஒரு நூல் எழுதினார். துப்புகள் குற்றவாளியைச் சுட்டினால் மட்டும் போதாது, மற்றவர்களை விலக்கவும் வேண்டும். உன் பிரதியில் கொலைகாரனான மைத்துனனைச் சுட்டும் துப்புகளில் பாதி வாடகைக்காரனுக்கும் பொருந்துகின்றன. மைத்துனனால் மட்டுமே செய்யக்கூடியது என்ன என்பதைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கு.

இனி பொய்த்துப்புகள். அக்ராய்ட் வீட்டுத் தோட்டக் குடிலில் ஒரு வாத்து இறகுத் தண்டும் கஞ்சி போட்ட துணித் துண்டும் கிடக்கின்றன. இரண்டுக்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் தண்டு ஹெராயின் பழக்கத்தைக் காட்டி, அன்றிரவு ரகசியமாக வந்துபோன சார்லஸ் கென்ட்டிடமும், அவன் வீட்டு நிர்வாகி மிஸ் ரஸ்ஸலின் மகன் என்ற உண்மையிடமும் கொண்டு சேர்க்கிறது. துணி, பணிப்பெண் உர்சுலாவின் ஏப்ரனிலிருந்து கிழிந்தது. எல்லோரும் சந்தேகிக்கும் ரால்ஃபுக்கும் அவளுக்கும் ரகசியமாகக் கல்யாணம் நடந்திருக்கிறது. நல்ல பொய்த்துப்பு எந்த உண்மையிலும் முடியாமல் தொங்குவதில்லை, வேறோர் உண்மையில் போய் முடிகிறது.

உன் கதையில் கிணற்றடியில் கிடக்கும் கிழிந்த லாட்டரிச் சீட்டு என்ன ஆனது? மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு அதை யாரும் நினைக்கவே இல்லை. அதற்கு ஒரு சொந்தக்காரனைக் கொடு. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வீட்டுக்குத் தெரியாமல் பாறசாலைக்கு வந்து சீட்டு எடுப்பவர்கள் உண்டு. கொலை நடந்த அன்று தான் எங்கே இருந்தான் என்பதை அந்த ஆள் ஏன் மறைத்தான் என்பதற்கு உனக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

கடைசியாக, எல்லை ஊர்க்காரர்களான நாம் மறந்துவிடும் ஒன்று. அன்று மாலை நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்து பாறசாலையில் இறங்கியதாக மைத்துனன் சொல்கிறான். அன்று கேரளத்தில் ஹர்த்தால். தமிழ்நாட்டு பஸ் களியக்காவிளையிலேயே ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும், ஆகவே அவன் சொல்வது பொய் என்று இன்ஸ்பெக்டர் பிடிக்கிறார். அருமையான துப்பு. நெய்யாற்றின்கரைக்காரன் உடனே பிடித்துவிடுவான். மதுரையில் வாசிப்பவளுக்கு அது எப்படித் தெரியும்? ஹர்த்தால் என்பதை இரண்டாம் அத்தியாயத்தில் கடை அடைப்பாக மட்டும் காட்டியிருக்கிறாய். அதே இடத்தில் ஒரு கிழவி, மருந்து வாங்கப் போன மகன் களியக்காவிளையிலிருந்து நடந்தே வந்தான் என்று புலம்பட்டும். கூடவே ஒரு குழந்தையின் அழுகையோ ஒரு சண்டையோ வரட்டும், புலம்பல் அதில் அமுங்கிவிடும். மதுரைக்காரிக்கும் நெய்யாற்றின்கரைக்காரனுக்கும் அப்போது ஒரே தகவல் கையில் இருக்கும்.

தாளை நிரப்பியதும் பக்க எண்களை மட்டும் ஒருமுறை பார். எல்லாம் கடைசி மூன்று அத்தியாயங்களில் குவிந்திருந்தால் துப்புகளை முன்னால் நகர்த்து. காலிக் கட்டம் ஒன்று மிஞ்சினாலும் பிரதியைப் பதிப்பாளருக்கு அனுப்பாதே. முதலில் அந்தக் கட்டத்துக்கு ஒரு பக்கம் எழுது. முடியாவிட்டால், இன்ஸ்பெக்டரின் விளக்கத்திலிருந்து அந்த வாக்கியத்தை அடித்துவிடு.

அன்புடன்,
மாமா
பாறசாலை