இரைச்சல் நீக்கச் சோதனை: முடிவுரை எழுதுதல்

ஆய்வறிக்கையின் முடிவுரை மூன்று கேள்விகளுக்கு விடை கூறவேண்டும். சோதனையில் என்ன கண்டோம்? அது ஏன் நிகழ்ந்தது? அந்த முடிவு எதுவரை பொருந்தும்? மாணவர் பலர் மூன்றாவது கேள்வியை விட்டுவிடுகின்றனர். பின்வரும் சோதனையைக் கொண்டு மூன்றுக்கும் விடை எழுதும் முறையை அறிவோம்.

ஒரு மாணவர் குழு, அமைதியான அறையில் ஒருவரின் பேச்சை நொடிக்கு 16,000 மாதிரிகள் என்ற அளவில் பதிவு செய்தது. அத்துடன் ‘வெள்ளை இரைச்சல்’ எனப்படும் ஓசையைக் கணினியில் உருவாக்கிச் சேர்த்தது. வானொலியில் நிலையம் கிடைக்காதபோது கேட்கும் ‘ஸ்ஸ்’ என்ற ஓசையைப் போன்றது அது. பிறகு, 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைத் தடுக்கும் வடிகட்டியைப் பைத்தான் மொழியில் எழுதியது.

```python
sos = butter(5, 4000, btype="low",
             fs=16000, output="sos")
out = sosfiltfilt(sos, noisy)
```

வடிகட்டுவதற்கு முன் பேச்சு–இரைச்சல் விகிதம் 10 டெசிபல். வடிகட்டிய பின் 12.6 டெசிபல். தூய பதிவிலிருந்து வேறுபடும் எதுவும் இந்தக் கணக்கில் இரைச்சலாகவே கொள்ளப்படும். குழு முதலில் எழுதிய முடிவுரை இது: “எங்கள் நிரல் இரைச்சலை வெற்றிகரமாக நீக்கியது.”

இந்த வாக்கியம் உண்மையை மிகைப்படுத்துகிறது. 10 டெசிபல் என்றால் பேச்சின் ஆற்றல் இரைச்சலைப்போல் 10 மடங்கு என்று பொருள். 12.6 டெசிபல் என்றால் ஏறத்தாழ 18 மடங்கு. ஆகவே, இரைச்சல் குறைந்தது, நீங்கவில்லை.

ஏன் இந்த அளவு? நொடிக்கு 16,000 மாதிரிகள் எடுத்தால் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே பதிவு செய்ய முடியும். வெள்ளை இரைச்சல் அந்த எல்லை முழுவதும் சமமாகப் பரவியிருக்கும். எனவே, 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதைத் தடுத்தால் இரைச்சலில் பாதி போய்விடும். ஆற்றல் பாதியாவது 3 டெசிபல் மாற்றத்துக்குச் சமம். அப்படியானால் 13 டெசிபல் கிடைத்திருக்க வேண்டும். மீதி 0.4 எங்கே போனது?

அதைக் கண்டறிய, இரைச்சல் சேர்க்காத தூய பதிவையே குழு வடிகட்டியில் செலுத்தியது. பிறகு, வடிகட்டி எதை நீக்கியது என்பதை மட்டும் தனியே கேட்டது.

```python
lost = clean - sosfiltfilt(sos, clean)
```

‘ஓசை’, ‘இசை’ போன்ற சொற்களில் வரும் சகரத்தின் சீறல் ஒலி கேட்டது. அவ்வொலியின் ஆற்றலில் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது. வடிகட்டி இரைச்சலோடு பேச்சின் ஒரு பகுதியையும் நீக்கியிருந்தது.

இவற்றை அறிந்தபின் குழு முடிவுரையைத் திருத்தி எழுதியது:

“எங்கள் வடிகட்டி பேச்சு–இரைச்சல் விகிதத்தை 10 டெசிபலிலிருந்து 12.6 டெசிபலாக உயர்த்தியது. எதிர்பார்த்த அளவு 13 டெசிபல். சகரத்தின் உயர் அதிர்வெண் பகுதியையும் வடிகட்டி நீக்கியதே இவ்வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் எனக் கருதுகிறோம். இம்முடிவு வெள்ளை இரைச்சலுக்கு மட்டுமே பொருந்தும். தாழ்ந்த அதிர்வெண் கொண்ட மின்விசிறியின் உறுமலை இவ்வடிகட்டி தடுக்காது. தூய பதிவு எங்களிடம் இருந்ததால்தான் விகிதத்தைக் கணக்கிட முடிந்தது. தெருவில் எடுத்த பதிவுக்கு இதே கணக்கைச் செய்ய இயலாது. மேலும், ஒருவரின் குரலை மட்டுமே சோதித்தோம். பேச்சு தெளிவாகப் புரிகிறதா என்று கேட்பவர்களிடம் வினவவில்லை. எனவே, விகிதம் உயர்ந்தது என்று கூறலாம். பேச்சின் தெளிவு கூடியது என்று கூற எங்களிடம் சான்று இல்லை.”

குறைபாடு கூறுவது வேறு, சாக்குச் சொல்வது வேறு. “எங்களுக்கு நேரம் போதவில்லை” என்று எழுதினால் வாசகருக்கு எந்தத் தகவலும் கிடைக்காது. “மின்விசிறியின் உறுமலை இவ்வடிகட்டி தடுக்காது” என்று எழுதினால், இந்த நிரலை எங்கே பயன்படுத்தக்கூடாது என்பதை அவர் அறிந்துகொள்வார்.

சிந்தித்து எழுதுக

வடிகட்டியின் எல்லையை 4,000 ஹெர்ட்ஸிலிருந்து 2,000 ஹெர்ட்ஸாகக் குறைத்தால் இரைச்சலில் எத்தனை பங்கு எஞ்சும்? பேச்சுக்கு என்ன நேரும்? அச்சோதனைக்கான முடிவுரையில் நீங்கள் குறிப்பிட வேண்டிய ஒரு குறைபாட்டை எழுதுக.