பேரேடும் பதிவேடும் ஒத்துப்போக: கணக்கு உதவியாளருக்கு ஒரு வழிகாட்டி

2009இல் போர் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கியபின், வன்னியின் அலுவலகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வேலையைத் தொடங்கின. பழைய பதிவேடுகள் பல அழிந்துவிட்டன. கணினி, மேசை, மின்பிறப்பாக்கி எல்லாம் திட்டங்களின் ஊடாக வந்து சேர்ந்தன. சங்கம் காசு கொடுத்து வாங்காத பொருளுக்கு உறுதிச்சீட்டு இல்லை. உறுதிச்சீட்டு இல்லாதது பேரேட்டுக்குள் தானாக வராது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான்.

இரண்டு திசையிலும் பாருங்கள்

அரச அலுவலகங்களில் நிதிப் பிரமாணம் 756இன் கீழ் ஆண்டுதோறும் பொருட்கணக்கெடுப்பு நடக்கிறது. சங்கங்களும் அதேபோல ஆண்டு முடிவில் செய்வது நல்லது. சொத்துப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாகத் தேடினால் காணாமற்போனவை தெரியும். ஆனால் பதியப்படாத பொருள் அந்த வழியில் ஒருபோதும் அகப்படாது. அதற்கு அறையிலிருந்து தொடங்கி, கண்ணில் படும் ஒவ்வொன்றும் பதிவேட்டில் உண்டா என்று பார்க்கவேண்டும். பொருளைப் பொறுப்பில் வைத்திருப்பவரே எண்ணக்கூடாது. வேறு பிரிவினர் எண்ணட்டும்.

இலக்கம் எங்கே ஒட்டுவது?

கழற்றக்கூடிய மூடியில் அடையாள இலக்கத்தை ஒட்டாதீர்கள். பழுதுபார்க்கும்போது ஒரு பிரின்டரின் மூடி இன்னொன்றுக்குப் போனால் இலக்கமும் கூடவே போய்விடும். உடற்பகுதியில் ஒட்டி, உற்பத்தியாளரின் தொடரிலக்கத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள். இரண்டும் பொருந்தினால்தான் அது அதே பொருள். வெயிலும் புழுதியும் படும் மின்பிறப்பாக்கிக்குக் கடதாசி ஒட்டி நிலைக்காது. பெயின்ற்றால் எழுதுங்கள், அல்லது உலோகத் தகட்டைப் பொருத்துங்கள். அகற்றிய பொருளின் இலக்கத்தை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள்.

நன்கொடையாளரின் ஒட்டி இருப்பதால் வேலை முடிந்துவிட்டதென்று நினைக்கவேண்டாம். கையளிப்புக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். திட்டம் முடியும்வரை பொருள் கொடுத்தவருக்கே சொந்தமென்றால், அதைத் தனிப் பட்டியலில் வைக்கவேண்டும், பேரேட்டில் சேர்க்கக்கூடாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு சங்கத்தின் அலுவலக உபகரணக் கணக்கில் பேரேட்டு மீதி 2,015,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டின் கிரயக் கூட்டுத்தொகை 1,840,000. வித்தியாசம் 175,000. இதற்கு மூன்று காரணங்கள் கிடைக்கின்றன.

மின்பிறப்பாக்கியைத் திருத்திய செலவு 60,000, சொத்துக் கணக்கில் பதியப்பட்டிருக்கிறது. அது பழுதுபார்ப்புச் செலவு, பேரேட்டிலிருந்து கழியும்.

235,000 கிரயமுள்ள போட்டோக்கொப்பி இயந்திரம் 30,000க்கு விற்கப்பட்டது. பதிவேட்டில் வெட்டிவிட்டார்கள், பேரேட்டில் வெட்டவில்லை. வந்த காசு ‘ஏனைய வருமானம்’ என்று பதியப்பட்டிருப்பதுதான் இதைக் காட்டிக்கொடுக்கும் தடயம். விற்ற நாளில் திரண்ட பெறுமானத் தேய்வு 188,000 என்றால், அதற்கு வரவு வைத்து, ஏனைய வருமானத்துக்கு 30,000மும் அகற்றல் நட்டத்துக்கு 17,000மும் வரவு வைத்து, அலுவலக உபகரணத்துக்கு 235,000 செலவு வையுங்கள். விற்றபின்னும் தேய்வு போட்டிருந்தால் அதையும் திருப்பவேண்டும்.

கையளிக்கப்பட்ட 120,000 பெறுமதியான மடிக்கணினி பதிவேட்டில் உண்டு, பேரேட்டில் இல்லை. உபகரணத்துக்கு வரவு, பிற்போடப்பட்ட மானியத்துக்குச் செலவு. தேய்வு போடும் வேகத்திலேயே அந்த மானியத்தை ஆண்டுதோறும் வருமானத்துக்குக் கொண்டுவர இலங்கைக் கணக்கீட்டு நியமம் 20 இடமளிக்கிறது.

இப்போது 2,015,000இல் 60,000மும் 235,000மும் கழித்து, 120,000 கூட்டினால் 1,840,000. பதிவேட்டோடு சரி.

மொத்தம் சரியென்றால் போதாது

நன்கொடையாக வந்த மடிக்கணினிகளின் பெறுமதி 295,000ஆக இருந்திருந்தால் தொடக்கத்திலேயே வித்தியாசம் பூச்சியம். மூன்று பிழையும் உள்ளே இருக்க, கணக்கு ஒத்துப்போனதுபோலத் தெரிந்திருக்கும். அதனால் தளபாடம், உபகரணம், வாகனம் என்று வகைவகையாக ஒப்பிடுங்கள். கிரயத்தைத் தனியாகவும் திரண்ட தேய்வைத் தனியாகவும் பாருங்கள். ஆண்டின் சேர்க்கைகளையும் அகற்றல்களையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

‘இதர வித்தியாசம்’ என்று ஒரு பதிவு போட்டுச் சரிக்கட்டுவது பெரிய தவறு. அது காணாமற்போன பொருளையும் சேர்த்து மறைத்துவிடும். அடுத்த ஆண்டு கணக்காய்வாளர் கேட்கும்போது சொல்ல எதுவும் இருக்காது.

மாதாமாதம் செய்ய ஒரு பழக்கம் போதும்: சொத்துக் கணக்குக்குப் போகும் ஒவ்வொரு உறுதிச்சீட்டிலும் பொருளுக்குப் புதிதாகக் கொடுத்த அடையாள இலக்கத்தை எழுதவேண்டும், இலக்கம் இல்லாத சீட்டைப் பதியக்கூடாது. பழுதுபார்ப்புச் சீட்டு அந்த வாசலிலேயே நின்றுவிடும். நன்கொடைப் பொருளுக்குக் கையளிப்புக் கடிதமே சீட்டு; அதன் பிரதி பொருள் வந்த கிழமையிலேயே கணக்குப் பிரிவுக்கு வரவேண்டும்.