கொடுத்தும் விழாத பத்தி இடைவெளி

அலுவலக அறிக்கைகளையும் ஆய்வேடுகளையும் வேர்டில் ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் வேலை. கைக்கு வரும் கோப்புகளில் நான் முதலில் தேடுவது வெறும் என்டர்களைத்தான். பத்திக்கும் பத்திக்கும் நடுவே காலி வரிகள் வரிசையாக நின்றால், தட்டச்சு செய்தவர் இடைவெளி கொடுத்துப் பார்த்து, விழாமல் போய், வேறு வழியின்றி என்டரைத் தட்டியிருக்கிறார் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். அவர்மேல் பிழை இல்லை. பத்தி அமைப்புப் பெட்டியின் கீழ்ப்பக்கம் இருக்கும் ஒரு சின்ன டிக்தான் காரணம்: `Don't add space between paragraphs of the same style`. ஒரே ஸ்டைலில் இருக்கும் பத்திகள் அடுத்தடுத்து வந்தால் இடையில் இடம் விடாதே என்பது அதன் உத்தரவு.

சமீபத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கை வந்தது. அதன் கடைசிப் பகுதியில் பரிந்துரைகள், ஒவ்வொன்றும் மூன்று நான்கு வரி, எண் போட்டு எழுதப்பட்டவை. எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகக் கிடந்தன. அதைத் தட்டச்சு செய்த அக்கா போனில் சொன்னார்: “After-ல 6 போட்டேன், 12 போட்டேன், 24கூடப் போட்டுப் பாத்துட்டேன் தம்பி. ஒண்ணும் அசையல. ஆனா கடைசிப் பாயின்ட்டுக்குக் கீழ மட்டும் பள்ளமா இடம் விழுது.”

அவர் கடைசியாகச் சொன்னதிலேயே விடை இருந்தது. கடைசிப் பரிந்துரைக்கு அடுத்து வருவது சாதாரணப் பத்தி, அதன் ஸ்டைல் வேறு. அதனால் அங்கே 24 பாயின்ட் அப்படியே விழுகிறது. மற்ற இடங்களில் மேலும் கீழும் ஒரே ஸ்டைல் என்பதால் கொடுத்த எண் மதிக்கப்படுவதில்லை. சந்தேகம் வரும்போதெல்லாம் நான் செய்யும் சோதனையும் இதுதான். பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து After-இல் வேண்டுமென்றே 30 கொடுப்பேன். நடுவில் அசைவில்லாமல், முடிவில் மட்டும் இடம் பெருகினால் காரணம் அந்த டிக்தான்.

அவரே வைக்காத டிக் எப்படி வந்தது? சாதாரண `Normal` பத்தியில் நின்று எண் பொத்தானையோ புள்ளிப் பொத்தானையோ அழுத்தினால், வேர்ட் அந்தப் பத்தியைச் சத்தமில்லாமல் `List Paragraph` என்ற ஸ்டைலுக்கு மாற்றிவிடுகிறது. 2007 பதிப்பிலிருந்தே அந்த ஸ்டைலில் இந்த டிக் போட்டபடிதான் வருகிறது. ஒரு வரிப் பட்டியல்களுக்கு அது நல்ல ஏற்பாடு. காய்கறிப் பட்டியலில் வரிக்கு வரி இடம் விட்டால் பார்க்கச் சகிக்காது. பட்டியலின் ஒவ்வொரு உருப்படியும் ஒரு பத்தியளவு நீளும்போதுதான் தொல்லை.

அந்த அறிக்கையில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. நடுவில் ஒரு பரிந்துரைக்கு மட்டும் மேலேயும் கீழேயும் இடம் இருந்தது. பார்வைக்கு மற்றவற்றைப் போலவேதான் இருந்தது. அதில் கர்சரை வைத்து `Shift+F1` அழுத்தினேன். வலப்பக்கம் திறக்கும் பலகையில் `Distinguish style source` என்பதை டிக் செய்ததும் அந்தப் பத்தியின் ஸ்டைல் `Normal` என்று தெரிந்தது. யாரோ எண்ணைக் கையால் தட்டி, உள்தள்ளலையும் கையால் சரிசெய்திருக்கிறார்கள். வேர்ட் ஒப்பிடுவது பத்தியின் தோற்றத்தை அல்ல, ஸ்டைலின் பெயரை. பெயர் மாறினால் இடைவெளி திரும்பி வந்துவிடும். பட்டியலில் சில இடங்களில் இடம் விழுந்து சில இடங்களில் விழாமல் இருந்தால், இடையில் வேற்று ஸ்டைல் புகுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதே பலகையில் இடைவெளி பற்றிய பகுதியில் அந்த டிக்கின் வாசகமும் எழுதியிருக்கும். ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலரும் சறுக்குவது இதில்தான். டிக் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியானது. அது தன் பத்தியின் இடைவெளியை மட்டுமே அடக்கும், பக்கத்துப் பத்தியுடையதைத் தொடாது. நான்காம் பரிந்துரையில் மட்டும் கர்சரை வைத்து டிக்கை எடுத்தால், நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே இடம் விழும். அது நான்காவதின் After. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே விழாது, ஏனென்றால் அந்த இடம் மூன்றாவதின் After-ஐச் சேர்ந்தது. அங்கே டிக் இன்னும் இருக்கிறது. டிக்கை எடுத்தும் பாதிதான் வேலை செய்கிறது என்று தோன்றுவது இதனால்தான். எனவே எடுப்பதானால் எல்லாப் பத்திகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்த பிறகு எடுங்கள். அப்போது கட்டத்தில் முழு டிக்குக்குப் பதில் வேறு குறி தெரிந்தால், தேர்ந்தெடுத்தவற்றில் சிலவற்றில் டிக் இருக்கிறது, சிலவற்றில் இல்லை என்று பொருள். கட்டம் காலியாகும்வரை சொடுக்கிவிட்டு OK கொடுங்கள்.

ஒரு பக்கக் கடிதத்துக்கு இவ்வளவு போதும். நீண்ட அறிக்கையில் நான் ஸ்டைலில்தான் மாற்றுவேன். அதற்காக `List Paragraph`-ஐயே திருத்துவதில்லை, ஏனென்றால் அதே அறிக்கையில் வேறெங்கோ இருக்கும் ஒரு வரிப் பட்டியல்களும் விரிந்துவிடும். பரிந்துரை ஒன்றில் கர்சரை வைத்து, ஸ்டைல் பலகையில் `New Style` கொடுத்து, ‘பரிந்துரை’ என்று பெயரிட்டேன். `Format` பொத்தானில் `Paragraph` திறந்து, டிக்கை எடுத்து, After-இல் 6 பாயின்ட் வைத்தேன். பிறகு எல்லாப் பரிந்துரைகளுக்கும் அந்த ஸ்டைலைக் கொடுத்தேன். கையால் எண் தட்டியிருந்த பத்தியில் அந்த எண்ணை முதலில் அழித்துவிட வேண்டும். ஸ்டைல் மாற்றும்போது எங்காவது தானியங்கி எண் காணாமல் போனால், அந்தப் பத்திகளைத் தேர்ந்தெடுத்து எண் பொத்தானை மறுபடி அழுத்தினால் போதும். `Normal` அல்லாத ஸ்டைலில் நின்று அழுத்தும்போது வேர்ட் ஸ்டைலை மாற்றுவதில்லை.

இடைவெளிக்காக யாராவது காலி என்டர்களைத் தட்டியிருந்தால், அவற்றைக் கடைசியாகத்தான் நீக்க வேண்டும். அதை முதலில் செய்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு, எது தனிப் பத்தி என்று கண்ணுக்குத் தெரியாது.

வேறொருவரின் கோப்பில் கொண்டுபோய் ஒட்டும்போதும் கவனம் வேண்டும். இரு கோப்பிலும் `List Paragraph` என்ற பெயர் இருந்து, சேருமிட ஸ்டைலைப் பயன்படுத்தும்படி ஒட்டினால், அந்தக் கோப்பின் வரையறைதான் செல்லுபடியாகும். இங்கே அழகாக விழுந்த இடைவெளி அங்கே மறைந்துவிடும். தனிப்பெயர் கொடுத்த ஸ்டைலுக்கு இந்த ஆபத்து குறைவு.

அந்த டிக்கை நான் விரும்பிப் போடும் இடங்களும் உண்டு. கடிதத்தில் பெறுநர் முகவரி அப்படி ஒன்று. முகவரி வரிகளுக்கென ஒரு ஸ்டைல் வைத்து, After-இல் 12 பாயின்ட் கொடுத்து, டிக் போட்டுவிடுவேன். வரிகள் நெருங்கி நிற்கும், கடைசி வரிக்குக் கீழே மட்டும் 12 பாயின்ட் விழும். முகவரி நான்கு வரியானாலும் ஏழு வரியானாலும் எதையும் தொட வேண்டாம். கவிதைக்கும் இதே ஏற்பாடு பொருந்தும், ஒரு திருத்தத்தோடு: கண்ணி முடிந்து அடுத்த கண்ணி தொடங்கும் இடத்திலும் ஸ்டைல் ஒன்றே என்பதால் அங்கேயும் இடம் விழாது. ஒவ்வொரு கண்ணியின் கடைசி அடியில் மட்டும் கர்சரை வைத்து டிக்கை எடுத்துவிடுங்கள். அந்த அடியின் 12 பாயின்ட் விழும், மற்ற அடிகள் நெருங்கியே இருக்கும்.