பள்ளிச் சிலம்பம்: காலும் கம்பும் கட்டுக்குள் நிற்க கைகண்ட குறிப்புகள்

சிலம்ப ஆசான் வாரத்துக்கு ஒருநாள் வருவார், மற்ற நாட்களில் வகுப்பு உங்கள் பொறுப்பு என்றால், தோழிகளே, தோழர்களே, இவை உங்களுக்காக. ஏழாம் வகுப்பை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

1. முதல் நான்கைந்து வகுப்புக்குக் கம்பை அறையை விட்டு வெளியே எடுக்கவே வேண்டாம். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றச் சொல்லி, முன் சுவடு, பின் சுவடு, பக்கச் சுவடு மட்டும் போடவையுங்கள். கம்பு கைக்கு வந்துவிட்டால் பிள்ளைகளின் கவனம் முழுக்க அதில்தான் இருக்கும். அப்புறம் காலைத் திருத்துவது இரட்டை வேலை.

2. மண் தரையைப் பெருக்கி, கல் பொறுக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு வெறுங்காலோடு ஆடவிடுங்கள். யார் எங்கே தப்பு செய்கிறார்கள் என்று தடமே சொல்லிவிடும். நீளக் கோடாக இழுபட்டிருந்தால் காலைத் தூக்காமல் தேய்க்கிறார்கள். முன்பாதம் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தால் உடம்பு முன்னால் சாய்கிறது. இரண்டு தடமும் ஒரே கோட்டில் விழுந்திருந்தால் கால் அகலம் போதவில்லை, வீச்சு வந்ததும் தள்ளாடுவார்கள்.

3. கம்பு அவரவர் நெற்றி உயரம் இருந்தால் போதும். பிடித்துப் பார்க்கும்போது விரல் நுனி கட்டைவிரலைத் தொட வேண்டும். தொடாவிட்டால் அந்தக் கைக்கு அது தடிமன், சுற்றும்போது நழுவும்.

4. வகுப்புக்கு முன்னால் பழைய நைலான் புடவைத் துண்டால் கம்பை ஒருமுறை முழுக்க உருவுங்கள். நூல் மாட்டும் இடத்தில் சிராய் இருக்கிறது, உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். தரையில் தட்டினால் கரகரவென்று சத்தம் வருகிறதா? உள்ளே விரிசல், டேப் சுற்றி ஒப்பேற்றாமல் துண்டாக வெட்டி, மைதானத்தில் கோடு கட்டும் முளைக்குச்சி ஆக்கிக்கொள்ளுங்கள்.

5. எத்தனை அடி தள்ளி நிறுத்துவது என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள். நாலரை அடிக் கம்பில் பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கு விட்டுப் பிடித்தால் முன்னால் மூன்றடி நீளும். கை நீளம் இரண்டடி. ஆக ஒரு பிள்ளையின் வீச்சு ஐந்தடி எட்டும். பக்கத்துப் பிள்ளைக்கும் அதே ஐந்து, தடுமாறி வைக்கும் ஒரு எட்டுக்கு இரண்டடி, மொத்தம் பன்னிரண்டு அடி. 60 அடிக்கு 48 அடி இடத்தில் வரிசைக்கு ஐந்து பேராக நாலு வரிசை, 20 பேர்தான் நிற்கலாம். ஒவ்வொருவர் இடத்திலும் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் தினமும் அளக்க வேண்டாம். எல்லாரும் ஒரே திசை பார்த்து, ஒரே எண்ணிக்கைக்கு நகர வேண்டும். ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பினாலும் இந்தக் கணக்கு உடைந்துவிடும்.

6. வகுப்பில் 40 பேர் இருந்தால் 20 கம்பே போதும், பாதிச் செலவு மிச்சம். மற்ற 20 பேரும் எல்லைக்கோட்டிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்து, ஆளுக்கு ஒருவரின் காலை மட்டும் பார்க்கட்டும். ஆட்டம் முடிந்ததும் "உன் இடது குதிகால் தூக்குது" என்று சொல்லிவிட்டுக் கம்பை வாங்கிக்கொள்ளலாம்.

7. நடக்கும்போது கம்பு உடம்போடு ஒட்டி, நேராக நிற்க வேண்டும். தோளில் சாய்த்துப் போனால், யாராவது கூப்பிட்டுத் திரும்பும்போது பின்னால் வருபவர் முகத்தில்தான் அடிக்கும்.

8. "நில்" என்றால் வீச்சைப் பாதியில் விட்டு, கம்பின் அடிமுனை வலது கால் ஓரம் தரையைத் தொட வேண்டும். இதைச் சொல்ல உங்களுக்கு மட்டுமல்ல, எந்தப் பிள்ளைக்கும் உரிமை உண்டு. கம்பு நழுவி உருண்டால் ஓடிப்போய் எடுக்கக் கூடாது: "நில்" என்று குரல் கொடுத்து, எல்லாக் கம்பும் தரை தொட்ட பிறகுதான் குனியலாம். அடிபடுவது பெரும்பாலும் நழுவிய கம்பால் அல்ல, அதை எடுக்கக் குனிந்த தலைக்கு வரும் பக்கத்து வீச்சால்.

9. ஜோடிப் பயிற்சிக்கு யாரை அனுப்புவது? கொடிக்கயிற்றில் பழைய செய்தித்தாளைத் தோள் உயரத்தில் தொங்கவிட்டு, அதை நோக்கி வீசி ஒரு சாண் முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். தொடர்ந்து மூன்று முறை தாள் கிழியாமல் நிறுத்துகிறவர் தயார். கையை மட்டும் இறுக்கி நிறுத்தப் பார்த்தால் தாள் கிழியும். முன்காலை ஊன்றி நிறுத்தினால் கம்பு நிற்கும்.

10. ஜோடியில் முதலில் ஒருவருக்கு மட்டும்தான் கம்பு. எந்தப் பக்கம் வீசப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, தோளுக்குக் கீழே, மெதுவாக வீச வேண்டும். எதிராளி சுவடு மாற்றி விலக மட்டும் செய்யட்டும்.

11. கம்புகளைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும், பரண்மேல் படுக்கவையுங்கள். எண் எழுதி வைத்தால் எண்ணி வாங்கவும் சுலபம்.